அண்ணாச்சி நோட்டில் எங்கள் பக்கம்

மதுரையில் எங்கள் தெருமுனை மளிகைக்கடையில் ஒரு நீள நோட்டு உண்டு. கல்லாப்பெட்டிக்கு அடியில், சாக்குத் துணி போட்டு மூடி வைத்திருப்பார் அண்ணாச்சி. அதில் யாரும் சொந்தப் பெயரில் இருப்பதில்லை. ‘மாடி வீட்டு டீச்சர்’, ‘பச்சைக் கேட்டு’, ‘தையக்கார அக்கா’ என்றுதான் ஒவ்வொரு பக்கத்துக்கும் தலைப்பு இருக்கும். போன வருடம் ஜூன் மாதம் அந்த நோட்டில் ‘அச்சாபீஸ்’ என்று ஒரு பக்கம் புதிதாகத் தொடங்கியது. அது நாங்கள்தான்.

நான் வேலை பார்த்த அச்சகத்தில் மே மாதச் சம்பளம் வரவில்லை. பள்ளிக்கூடம் திறக்கிற நேரம் வேறு. கையில் இருந்ததெல்லாம் பிள்ளைகளின் கட்டணத்துக்கும் நோட்டுப் புத்தகத்துக்கும் போய்விட்டது. ரேஷன் அரிசி இருந்தது. துவரம் பருப்பும் பாமாயிலும் அங்கேயே கிடைத்தன. ஆனால் புளி, மிளகாய், உப்பு, சோப்பு, டீத்தூள், தோசைக்கு உளுந்து என்று ஒரு வீடு ஓட வேண்டிய மற்றவற்றுக்கெல்லாம் தெருமுனைக்குத்தான் போக வேண்டும். ஜூன் 4ஆம் தேதி மாலை, கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போய் நின்றேன். “அண்ணாச்சி, இந்த மாசம் சம்பளம் தள்ளிப்போகுது. அடுத்த மாசம் பத்தாந்தேதி வரைக்கும் கொஞ்சம் எழுதி வச்சுக்கிட முடியுமா?” என்றேன். அவர் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. “அதுக்கென்ன தம்பி, எழுதிக்கிடுவோம். வீட்டுல என்னென்ன வேணும்னு சீட்டு எழுதிக் குடுத்து விடுங்க” என்றார்.

அந்தக் கடனை அடைத்து ஒரு வருடமாகிறது. பணத்தைக் கொடுத்து முடித்தது சுலபமாக இருந்தது. அவர் செய்ததற்கு எப்படி நன்றி காட்டுவது என்பதில்தான் நானும் என் மனைவியும் பல தடவை தடுமாறினோம். நாங்கள் செய்ய நினைத்துக் கைவிட்டதையும், செய்ததையும் இங்கே சொல்கிறேன். அதற்கு முன்னால், கடன் கொடுக்கிற கடைக்காரர் உண்மையில் எதைக் கொடுக்கிறார் என்று தெரிய வேண்டும். எனக்கே அது பிற்பாடுதான் தெரிந்தது.

எங்கள் அண்ணாச்சிக்குச் சரக்கு மூன்று வழியில் வருகிறது. பருப்பு, புளி, மிளகாய் வற்றல் போன்றவற்றைக் கீழமாசி வீதியில் மொத்தக் கடையில் எடுக்கிறார். பழகிய கடை என்பதால் ஒரு வாரம், பத்து நாள் தவணை கிடைக்கும். சோப்பு, பிஸ்கட், டீத்தூள் கம்பெனிகளின் லைன் வண்டி வாரம் ஒருமுறை கடை வாசலுக்கே வரும். அவர்களிடம், போன பில்லுக்குப் பணம் கொடுத்தால்தான் இந்த வாரச் சரக்கு இறங்கும். மூன்றாவது பால், முட்டை வகை. பாலுக்கு அன்றன்றைக்கே பணம். விற்றாலும் விற்காவிட்டாலும் விடிகாலையில் வண்டிக்காரர் கையில் எண்ணிக் கொடுத்துவிட வேண்டும்; லிட்டருக்கு நிற்பதோ ஓரிரு ரூபாய்தான்.

ஆக நான் ஒரு பாக்கெட் பாலைக் கடனாக வாங்கும்போது, அவர் தன் சட்டைப்பையிலிருந்து ரொக்கத்தை எடுத்து எனக்குக் கொடுக்கிறார். உளுந்தைக் கடனாக வாங்கும்போது அந்தச் சுமையில் கொஞ்சம் மொத்தக் கடைக்காரரும் தாங்குகிறார். என் மனைவி இதை முதல் வாரத்திலேயே புரிந்துகொண்டாள். பாலுக்கும் முட்டைக்கும் எப்படியாவது கையில் காசு பார்த்துக் கொடுத்துவிட்டு, நோட்டில் பருப்பு, உளுந்து, எண்ணெய், சோப்பு மட்டும் ஏறும்படி வைத்தாள். அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவர் கவனித்திருக்கிறார். பல மாதம் கழித்து, “அந்த மாசமும் பாலுக்கு ரொக்கம் குடுத்த வீடு உங்க வீடு ஒண்ணுதான்” என்றார்.

லாபக் கணக்கையும் ஒரு நாள் அவரே சொன்னார். எல்லாம் சேர்த்துப் பார்த்தால் நூறு ரூபாய் வியாபாரத்தில் பத்து ரூபாய் நின்றால் நல்ல மாதமாம். எங்கள் பாக்கி மொத்தம் 5,840 ரூபாய். அதில் அவருடைய லாபம் 584 ரூபாய் என்று வைத்தாலும், 5,256 ரூபாய் அவர் முதல். நாங்கள் கொடுக்காமல் போயிருந்தால், அந்த முதலை மீட்க அவர் இன்னும் ஐம்பத்திரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் சரக்கு விற்றிருக்க வேண்டும். அதுவரை அவர் உழைப்பு எங்கள் பெயரில் போயிருக்கும். விற்ற சரக்குக்குப் பணம் கேட்டு வழக்குப் போட 1963ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டம் மூன்று ஆண்டு அவகாசம் தருகிறது. ஐயாயிரம் ரூபாய்க்கு எந்த மளிகைக் கடைக்காரர் கோர்ட்டுக்குப் போவார்? நோட்டில் எங்கள் கையெழுத்துகூடக் கிடையாது. பென்சிலால் எழுதின ‘அச்சாபீஸ்’ மட்டும்தான்.

கடன் இருக்கிற மாதத்தில் வாங்குகிறவன் நடந்துகொள்கிற விதம் முக்கால்வாசி நன்றியைச் சொல்லிவிடுகிறது என்று இப்போது நினைக்கிறேன். சில சின்ன விஷயங்கள் உண்டு. காலையில் போணி ஆகாத கடையில் போய்க் கடன் சொல்லக் கூடாது. முதல் வியாபாரம் ரொக்கமாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஒரு நாள் விடியற்காலையில் டீத்தூள் தீர்ந்துபோக, நான் வேகமாகக் கிளம்பினேன். “போணி ஆயிருக்குமான்னு தெரியாது, யாராவது வாங்கிட்டு வர்றதப் பாத்துட்டுப் போங்க” என்று மனைவி தடுத்தாள். அரைமணி நேரம் டீ இல்லாமல் இருந்தோம். அதே மாதிரி விளக்கு வைக்கிற நேரத்திலும் கடன் கேட்டுப் போவதில்லை. இந்த நம்பிக்கைகள் நமக்கு இருக்கின்றனவா என்பது இங்கே கேள்வியில்லை, கடை அவருடையது.

இன்னொன்று, பிள்ளைகளை அனுப்பாமல் இருப்பது. “அம்மா எழுதிக்கிடச் சொன்னாங்க” என்று ஒரு குழந்தை நான்கு பேர் முன்னால் சொன்னால், கடைக்காரரால் இல்லையென்று சொல்ல முடியாது. அவருக்கு முடியாத நாளாக இருந்தாலும் கொடுத்துத்தான் ஆக வேண்டும். குழந்தைக்கும் அந்த வார்த்தை மனதில் தங்கிவிடும். ரொக்கத்துக்கு வாங்குவதற்கு மகனை அனுப்பினோம். எழுத வேண்டியதற்கு நாங்களே போனோம்.

அவர் பக்கத்திலிருந்தும் அதே கவனம் வந்தது. கூட்டத்தில் அவர் ஒரு நாளும் எங்கள் தொகையை வாய்விட்டுச் சொன்னதில்லை. நோட்டை எங்கள் பக்கம் திருப்பி, விரலால் அந்த வரியைத் தொட்டுக் காட்டுவார். காசு கொடுப்பவர்களுக்கு முன்னுரிமை தந்து எங்களை நிறுத்தி வைத்ததில்லை. வந்த வரிசைப்படிதான் பொட்டலம் கட்டினார். ரொக்கத்துக்கு ஒரு பருப்பு, கடனுக்கு ஒரு பருப்பு என்ற வித்தியாசமும் கிடையாது. ஒருமுறை தெருக்காரர் ஒருவர் பக்கத்தில் நின்று, “என்ன அண்ணாச்சி, நோட்டு ரொம்பப் பெருசாயிட்டே போகுது” என்று எட்டிப் பார்த்தார். அண்ணாச்சி நோட்டை மூடி, “கீழமாசி வீதி கொள்முதல் கணக்கு” என்று சொல்லி உள்ளே வைத்துவிட்டார்.

ஜூன் 20ஆம் தேதி வாக்கில் ஒரு புத்தகத்துக்கு மெய்ப்புத் திருத்திய வகையில் எனக்குக் கொஞ்சம் பணம் வந்தது. அதில் 800 ரூபாயைக் கடைக்குக் கொண்டுபோனேன். மொத்தத் தொகைக்கு முன்னால் அது சின்னதுதான்; சேர்த்து வைத்து மொத்தமாகக் கொடுத்தால் கௌரவமாக இருக்குமே என்று முதலில் தோன்றியது. என் அப்பா பலசரக்குக் கடையில் கணக்கு எழுதியவர். பற்று மட்டுமே ஏறிக்கொண்டு போகிற பக்கத்தைப் பார்த்தால் முதலாளிக்கு வயிற்றில் புளி கரைக்கும் என்பார். இடையில் ஒரு வரவு விழுந்தால் போதும், அது நூறு ரூபாயாக இருந்தாலும் அவர் நிம்மதியாகத் தூங்குவார். 800 ரூபாயைப் பார்த்ததும், “இப்ப என்ன அவசரம், வச்சுக்கிடுங்க” என்றார் அண்ணாச்சி. வாயால் அப்படிச் சொன்னாலும் கை நோட்டை எடுத்துவிட்டது. அந்த மாதம் முதல் தடவையாக ‘வரவு’ என்று எழுதினார்.

பத்தாம் தேதி நெருங்கியபோது சம்பளம் பாதிதான் வரும் என்று தெரிந்துவிட்டது. இந்த இடத்தில்தான் பலர் காணாமல் போகிறார்கள். கடையைத் தாண்டிப் போக வெட்கப்பட்டு அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போவார்கள். சில்லறைச் சாமான்களை வேறு கடையில் வாங்குவார்கள். ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணமே அவர்களுக்கு இருக்காது. முகத்தைக் காட்டக் கூச்சம். ஆனால் கடைக்குள் உட்கார்ந்திருக்கிறவருக்கு அந்தக் கூச்சம் தெரியாது. அவருக்குத் தெரிவது, தினமும் வந்த ஆள் நான்கு நாளாக வரவில்லை என்பது மட்டும். பாக்கியும் போய், பழகிய ஆளும் போய்விட்டார் என்று அவர் முடிவுக்கு வர ஒரு வாரம் போதும். அதன்பிறகு அடுத்து கேட்கிற வீட்டுக்கு அவர் கொடுக்க மாட்டார். கடைச் சுவரில் ‘இன்று ரொக்கம் நாளை கடன்’ என்ற பலகை ஏறுவது பெரும்பாலும் இப்படி யாரோ ஒருவரால்தான்.

நான் 9ஆம் தேதியே போனேன். சொன்ன நாளுக்கு முந்தின நாள் போவதற்கும் மறுநாள் போவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. “அண்ணாச்சி, நாளைக்கு முழுசும் தர முடியாது போலிருக்கு. ரெண்டாயிரம் தர்றேன். மிச்சம் ஆகஸ்ட் அஞ்சாந்தேதி” என்றேன். அன்றைக்குச் சொன்ன இரண்டு விவரமும், அதாவது தொகையும் தேதியும், அவருக்குப் போதுமாக இருந்தது. ‘சீக்கிரம் தர்றேன்’ என்று மட்டும் சொல்லியிருந்தால் லைன் வண்டிக்கு எந்த வாரம் பணத்தை ஒதுக்குவது என்று அவரால் திட்டம் போட முடியாது. மறுநாள் சொன்னபடி 2,000 ரூபாய் கொடுத்தேன். அன்றிலிருந்து புதிதாகக் கடன் எழுதுவதையும் நிறுத்திக்கொண்டோம். கால் கிலோ வாங்கினாலும் காசுக்கு.

ஆகஸ்ட் 5ஆம் தேதி மத்தியானம் மூன்று மணிக்கு, கணவனும் மனைவியுமாகப் போனோம். மாலை ஆறு மணிக் கூட்டத்தில் கணக்குப் பார்த்தால் தெருவே பார்க்கும். அவருக்கும் அவசரத்தில் கூட்டல் தப்பும். மூன்று மணி என்பது கடையில் ஈ ஆடாத நேரம். போனில் அனுப்பிவிடலாமே என்று நான் சொன்னதற்கு மனைவி சம்மதிக்கவில்லை. அவள் சொன்ன காரணம் சரியானது. போனில் போகிற பணம் என் முழுப்பெயரில் போய் விழும்; அவர் நோட்டிலோ நான் ‘அச்சாபீஸ்’. இரண்டையும் அவர் பொருத்திப் பார்க்காமல் விட்டால், கொடுத்தவனுக்குக் கொடுத்த நினைப்பு, அவருக்கு வராத நினைப்பு. அந்தப் பெட்டி வேறு தொகையைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல்லும். போனில் கொடுப்பதானாலும் எதிரில் நின்று, அவர் வரவு எழுதுவதைப் பார்த்துவிட்டு வருவதுதான் நல்லது. நாங்கள் நோட்டாகவே எடுத்துப் போனோம்.

அவர் கூட்டிப் பார்த்துச் சொன்ன மொத்தத் தொகை 5,480. என் மனைவி தன் சீட்டைப் பார்த்தாள். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் அவள் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தாள். அதில் 5,840 இருந்தது. “360 ரூபாய் வித்தியாசம் வருதே அண்ணாச்சி” என்றாள். அவர் முகம் லேசாக இறுகியது. கணக்கு முடிக்கும்போது வித்தியாசம் என்று ஒருவர் சொன்னால், பெரும்பாலும் தொகையைக் குறைக்கச் சொல்கிறார் என்றுதான் அர்த்தம். மனைவி தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். ஜூன் கடைசி வாரத்தில் ஒரு லிட்டர் நல்லெண்ணெய், 360 ரூபாய். அன்று கடையில் அவர் மகன் இருந்தான். எடுத்துக் கொடுத்தவன் எழுத மறந்துவிட்டான். “நீங்க எழுதாம விட்டுட்டீங்க” என்று அவள் சொல்லவில்லை. “இது உங்க நோட்டுல ஏறலை போல, சேத்துக்கிடுங்க” என்றாள்.

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டார். நாங்கள் கொடுத்த எந்த நன்றியைவிடவும் அந்த 360 ரூபாய் அவரிடம் ஆழமாகப் போய்ச் சேர்ந்தது என்பது எனக்கு உறுதி. இதே வித்தியாசம் எதிர்ப்பக்கமாக, அவர் கூடுதலாக எழுதியிருந்தாலும் வழி இதுதான். ‘தப்பு’ என்ற சொல்லை எடுக்காமல், இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து, “சேந்து ஒரு தடவை கூட்டிப் பாத்துடலாமா” என்று கேட்டால் போதும்.

மிச்சம் 3,040 ரூபாயை எண்ணிக் கொடுத்தோம். எங்கள் பக்கத்தின் மேல் மூலையிலிருந்து கீழ் மூலைவரை குறுக்காக ஒரு கோடு இழுத்து, ‘பைசல்’ என்று எழுதினார்.

அதோடு கூட 200 ரூபாய் சேர்த்துக் கொடுக்கலாம் என்று முதல் நாள் இரவு நான் நினைத்திருந்தேன். இரண்டு மாதம் பொறுத்திருக்கிறாரே என்ற எண்ணம். நல்லவேளை கொடுக்கவில்லை. அவர் வட்டி கேட்கவில்லை. கேட்காதவர் கையில் கூடுதலாகப் பணத்தை வைத்தால் அவர் செய்ததற்கு நான் விலை போட்டதாகிவிடும். தெரிந்தவன் என்பதற்காக எழுதிக்கொண்டவர் ஒரு நொடியில் வட்டிக் கடைக்காரர் ஆகிவிடுவார். பாக்கிச் சில்லறை பத்து ரூபாயை ‘வச்சுக்கிடுங்க’ என்று விடுவதும் அதே ரகம். அவர் எண்ணித் தருவதை வாங்கிக்கொள்வதுதான் மரியாதை.

வார்த்தையில் என்ன சொல்வது என்பது இன்னொரு சிக்கல். ‘நன்றி’ என்பது நம் தெருவில் மேடைப் பேச்சு மாதிரி ஒலிக்கும். என் மனைவி ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்: “அந்த ரெண்டு மாசம் நீங்க கேள்வி கேக்காம எழுதிக்கிட்டீங்க அண்ணாச்சி, அதை நாங்க மறக்க மாட்டோம்.” அவர், “அட, அதெல்லாம் என்னத்துக்கும்மா” என்று தராசைத் துடைக்கத் தொடங்கினார். அத்தோடு அவளும் பேச்சை மாற்றிவிட்டாள். திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்ல அவர் கொடுத்தவராகவும் நாங்கள் வாங்கினவர்களாகவும் நிலைத்துவிடுவோம். பார்க்கும்போதெல்லாம் அதை எடுப்பவரைக் கண்டால் கொடுத்தவருக்கே சங்கடம் வரும்.

தெருவில் பத்துப் பேரிடம் சொல்லிப் பெருமைப்படுத்தவும் எனக்கு ஆசை இருந்தது. எங்கள் தெருவுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அதில் நாலு வரி எழுதினால் என்ன என்று கேட்டேன். நல்லவேளையாக அதையும் செய்யவில்லை. ‘இந்த அண்ணாச்சி கஷ்டத்துக்குக் கடன் கொடுப்பார்’ என்று ஊரறியச் சொன்னால் மறுநாள் அவர் கடையில் கடனுக்கு வரிசை நிற்கும். கொடுத்தால் முதல் போகும். மறுத்தால் ‘அவங்களுக்குக் குடுத்தீங்களே’ என்ற பேச்சு வரும். நாங்கள் அவரைப் புகழாமலில்லை. அவர் கடை உளுந்து நன்றாகப் பொங்குகிறது, புளியில் கொட்டை இல்லை, எடை சரியாக இருக்கிறது என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறோம். புதிதாக எதிர்வீட்டுக்குக் குடிவந்தவர்களை அவரிடம் ரொக்கத்துக்கு மாதச் சாமான் வாங்க வைத்தது என் மனைவிதான்.

எங்கள் மாதச் சாமான் விஷயத்தில் எனக்கு உறுத்தலான ஒரு பழைய வழக்கம் இருந்தது. சம்பளம் வந்ததும் பெரிய பட்டியலை எடுத்துக்கொண்டு தள்ளுபடி போட்டிருக்கிற பெரிய கடைக்குப் போவோம்; நடுவில் தீர்ந்துபோகிற கால் கிலோ, நூறு கிராமுக்குத்தான் அண்ணாச்சி கடை. கையில் பணம் இருக்கிற நாளில் அங்கே, இல்லாத நாளில் இங்கே என்று இருந்திருக்கிறோம். செப்டம்பரிலிருந்து அதை மாற்றினோம். சில சாமான் அங்கே சில ரூபாய் குறைவாகக் கிடைக்கிறது என்பது உண்மை. எல்லாவற்றையும் என்றைக்கும் இவரிடமே வாங்குவோம் என்று நாங்கள் உறுதி எடுக்கவுமில்லை. அப்படிக் கட்டாயத்தில் வாங்கினால் அதுவும் ஒரு கடன்தான். பருப்பு, புளி, மிளகாய், மல்லி, எண்ணெய் ஆகியவற்றை அவரிடம் வாங்குகிறோம், ரொக்கத்துக்கு, பேரம் பேசாமல்.

தீபாவளிக்கு ஒரு தட்டில் அதிரசமும் முறுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தோம். கணக்கு முடிந்த அன்றைக்கே கொடுத்திருந்தால் கடனுக்குப் பதில் என்று ஆகியிருக்கும். தீபாவளிக்கு எல்லா வீட்டுக்கும் கொடுக்கிற பலகாரம் அவர் வீட்டுக்கும் போயிற்று, அவ்வளவுதான். தட்டு வெறுமனே திரும்பவில்லை. அண்ணாச்சியின் வீட்டம்மா அதில் நாலு மக்ரூன் பொட்டலம் வைத்து அனுப்பியிருந்தார்கள், தூத்துக்குடியிலிருந்து வந்ததாம்.

போன மாதம் முதல் தேதி பட்டியலோடு போயிருந்தேன். துவரம் பருப்பு மூன்று கிலோ என்று எழுதியிருந்ததைப் பேனாவால் தட்டிக் காட்டினார் அண்ணாச்சி. குரலைக் கொஞ்சம் தணித்து, “தம்பி, இந்த மூட்டை சுமார்தான். வேக நேரமெடுக்கும். வியாழக்கிழமை புதுச் சரக்கு வருது. இப்ப அரைக்கிலோ மட்டும் எடுத்துட்டுப் போங்க” என்று சொல்லிவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் பட்டியலில் மூன்றை அடித்து அரை என்று திருத்தினார்.